‘ம்’ என்றால் என்ன செய்வது?

ஓசூர் சிப்காட் பகுதியில் கணவன், மனைவி இருவருமே ஷிப்டுக்குப் போகும் வீடுகள் பெருகிவிட்டன. அவருக்கு மதியம் 2 முதல் இரவு 10, அவளுக்குக் காலை 6 முதல் 2. இரவு 11 மணிக்கு அவர் கதவைத் தட்டும்போது, விடியற்காலை 4 மணிக்கு எழ வேண்டியவள் அரைத்தூக்கத்தில் இருப்பாள்.

“சாப்பிட்டியா?”

“ம்.”

சண்டை பெரும்பாலும் அடுத்த வாக்கியத்தில்தான் பிறக்கிறது. “எப்பப் பார்த்தாலும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறியே, நான் என்ன பண்ணேன்?” கேள்வி போலத் தெரியும் இது, உண்மையில் தீர்ப்பு. அவளுக்கு எஞ்சியிருப்பது இரண்டே வழி: பதிலுக்குக் கத்துவது, அல்லது போர்வையை இழுத்துக்கொள்வது.

அமெரிக்க உளவியலாளர்கள் சிபில் கரேர், ஜான் காட்மன் இருவரும் 124 புதுமணத் தம்பதிகளின் வாக்குவாதங்களைப் பதிவுசெய்து, 1999இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு ஆண்டுகளில் யார் பிரிவார்கள் என்பதற்கான அறிகுறி, பேச்சின் முதல் மூன்று நிமிடங்களிலேயே தெரிந்தது. பேச்சு எப்படித் தொடங்குகிறது என்பது அவ்வளவு முக்கியம்.

அதே இரவில் அவர் இப்படிக் கேட்டிருக்கலாம்: “ம்னு மட்டும் சொன்ன. ரொம்ப அசதியா, இல்ல மனசுல ஏதாவது இருக்கா?” காதில் விழுந்ததை மட்டும் சொல்கிறார். ‘எப்பவும்’ இல்லை, ‘ஏன் இப்படி’ இல்லை. அசதி என்று சொல்லித் தப்பிக்கவும் அவளுக்கு இடம் இருக்கிறது. “ஒண்ணுமில்ல” என்று வந்தால், “சரி, தூங்கு. நாளைக்குப் பேசலாம்” என்பதோடு நிறுத்த வேண்டும். மூன்றாவது முறை துருவினால் அக்கறையே விசாரணையாகிவிடும். பேச்சு ஏற்கெனவே சூடாகிவிட்டால் இருபது நிமிடமாவது விலகியிருக்கச் சொல்கிறார் காட்மன். படபடப்பு அடங்க உடம்புக்கு அவ்வளவு நேரம் வேண்டும்.

தானாகச் சரியாகும், விட்டுவிடுங்கள் என்பாரும் உண்டு. சில நாள் அது பலிக்கும்.

என் கவலை அந்த ‘நாளைக்கு’ பற்றியது. மறுநாள் மதியம் அவள் வீடு திரும்பும்போது அவர் இயந்திரத்தின் முன் நிற்பார். ஒரு வாரம் இப்படியே ஓடினால், பையனின் பள்ளிக் கூட்டத்துக்குத் தனியாகப் போய்வந்த வருத்தம் சொல்லப்படாமலே புளித்துப்போகும். கிராமத்து வீட்டில் இதைக் கவனித்துக் கேட்க ஒரு அத்தையாவது இருப்பார். வாடகை வீட்டில் யார் இருக்கிறார்கள்? செல்போனில் “என்ன கோவம்?” என்று தட்டினால் குரலின் கனிவு போய்ச்சேராது, குற்றச்சாட்டு மட்டும் போய்ச்சேரும்.

மிரட்டலும் அடியும் இருக்கும் வீட்டுக்கு இந்த யோசனை பொருந்தாது. அங்கே 181 என்ற பெண்கள் உதவி எண்தான் வழி. மற்ற வீடுகளில், அடுத்த வார ஷிப்ட் பட்டியல் வந்ததும் இருவரும் அதைச் சேர்த்துவைத்துப் பாருங்கள். இருவரும் விழித்திருக்கும் அரைமணி நேரம் எந்த நாளில் இருக்கிறது என்று குறித்து, அதை ஓவர்டைமுக்குக் கொடுக்காதீர்கள். நாளைக்குப் பேசலாம் என்று சொன்னவர்தான் அந்த நேரத்தில் முதலில் கேட்க வேண்டும்.