தூரம் போனால் மரம் ஏன் மொட்டையாகிறது?

வீடியோ கேமில் பக்கத்தில் அடர்த்தியாகத் தெரிந்த பைன் மரம், நாம் விலகிப் போகப் போக இலை உதிர்ந்ததுபோல் மெலிந்துவிடுவதுண்டு. காரணம், இலைகளை வரையும் முறை.

ஒவ்வோர் ஊசியிலையையும் தனியாகச் செதுக்கினால் கணினி தாங்காது. அதனால் ஒரு தட்டையான சதுரத்தில் கிளையின் படத்தை ஒட்டுகிறார்கள். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஆல்ஃபா என்ற எண் உண்டு: 1 என்றால் இலை, 0 என்றால் வெற்றிடம். 0.5-க்குக் கீழே இருப்பதை வெட்டி எறிந்தால் இலை வடிவம் கிடைக்கும். ஆனால் பிக்சல் ஒன்று முழுதாக இருக்கும் அல்லது முழுதாகப் போகும். ஓரம் ரம்பப் பல்லாகிவிடும்.

இதற்கு மருந்து 'ஆல்ஃபா டு கவரேஜ்'. 4 மடங்கு எம்.எஸ்.ஏ.ஏ. இயங்கும்போது ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் நான்கு மாதிரிப் புள்ளிகள் இருக்கும். ஆல்ஃபா 0.5 என்றால் அவற்றில் இரண்டில் மட்டும் இலையின் நிறம் விழும். மற்ற இரண்டில் பின்னாலுள்ள வானம் நிற்கும். நான்கின் சராசரியே திரையில் வருவதால் ஓரம் மென்மையாகிறது.

கிட்டத்தில் பார்க்கும்போது படம் பெரிதாவதால், ஆல்ஃபா பல பிக்சல்களுக்குப் பரவி ஓரம் மங்கும். அதனால் அந்த மாற்றத்தை ஒரே பிக்சல் அகலத்துக்கு ஷேடரில் இறுக்குகிறார்கள்:

```
a = (a - 0.5) / max(fwidth(a), 0.0001) + 0.5;
```

சிக்கல் மிப்மேப்பில் இருக்கிறது. தூரத்துக்காக முன்கூட்டியே பாதி பாதியாகச் சுருக்கி வைக்கும் படங்கள் அவை. ஒரு புள்ளி அகலமுள்ள ஊசியிலை, பக்கத்து வெற்றிடத்தோடு சராசரியாகி முதல் சுருக்கத்தில் 0.5 ஆகும், இரண்டாவதில் 0.25. மேலே உள்ள வரி 0.5-ஐயே எல்லையாகக் கொள்வதால், 0.25 ஏறக்குறைய மறைந்துபோகிறது. மரம் மொட்டையாவது இங்கேதான்.

எளிய வழி, இறுக்கும் முன்பே சுருக்க நிலைக்கு ஏற்ப ஆல்ஃபாவை உயர்த்துவது:

```
a *= 1 + mip * 0.25;
```

அகன்ற இலைகளுக்கு இது பெரும்பாலும் போதும். நம் ஊசியிலைக்குப் போதாது: இரண்டாம் நிலையில் 0.25 என்பது 1.5 மடங்காகி 0.375-லேயே நிற்கிறது. அதற்கு, 'தி விட்னஸ்' விளையாட்டில் பணியாற்றிய இக்னாசியோ காஸ்டான்யோ விளக்கிய வழி பொருந்தும். மூலப்படத்தில் எத்தனை சதவீதம் எல்லையைத் தாண்டுகிறது என்று முதலில் அளக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு மிப்மேப்பிலும் அதே சதவீதம் தாண்டும்வரை ஆல்ஃபாவைப் பெருக்க வேண்டும். படத்தைத் தயாரிக்கும்போதே இது முடிந்துவிடுவதால், விளையாட்டு ஓடும்போது கூடுதல் செலவில்லை.

இந்த உத்தி எம்.எஸ்.ஏ.ஏ. இல்லாத இடத்தில் பலிக்காது. நான்கு மாதிரிகள் ஐந்து படிகளையே தருவதால், உற்றுப் பார்த்தால் ஓரத்தில் படிக்கட்டு தெரியும். பெருக்கல் மிகையானாலோ, தூரத்து மரம் இயல்பைவிடப் பருத்துக் கட்டியாகிவிடும். கேமராவை மெல்லப் பின்னே நகர்த்தி, இலைகளுக்கிடையே தெரியும் வானத்தின் அளவு மாறுகிறதா என்று பார்த்தாலே இரண்டு தவறும் பிடிபடும்.