ஒரே ஸ்ட்ரைக், இரண்டு செவ்வாய்க்கிழமைகள்

நிஃப்டி 25,000-இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த செவ்வாய்க்கிழமை முடியும் 25,000 கால் ஆப்ஷனின் விலை சுமார் 166 புள்ளி. அதே 25,000 கால், 28 நாள் கழித்து மாதக் கடைசிச் செவ்வாயில் முடிவதென்றால் 332 புள்ளி. (ஆண்டுக்கு 12 சதவீத ஏற்ற இறக்கம் என்று வைத்து, வட்டியை விட்டுவிட்டு நான் போட்ட காகிதக் கணக்கு இது.) நாட்கள் நான்கு மடங்கு, விலை மட்டும் இரண்டே மடங்கு. காலண்டர் ஸ்பிரெட்டின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது.

குறியீடு எவ்வளவு தூரம் அலையக்கூடும் என்பதற்குத்தான் ஆப்ஷனில் காசு கொடுக்கிறோம். அந்த அலைச்சல் நாட்களின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே கூடுகிறது. அதனால் காலம் கரைவதும் ஒரே சீராக இருப்பதில்லை. இன்றிலிருந்து நாளைக்குள் மாத ஆப்ஷன் 6 புள்ளி இழக்கும், வார ஆப்ஷன் 12 புள்ளி இழக்கும். வார ஆப்ஷனின் கடைசி நாளில் மட்டும் 63 புள்ளி போய்விடும். பூக்கடையில் சாயந்திரம் வரை விலை பிடித்து நிற்கிற மல்லிகை, கடை சாத்துகிற நேரத்தில் என்ன ஆகிறதோ அதுதான்.

ஆகவே சீக்கிரம் வாடுவதை விற்று, மெதுவாக வாடுவதை வாங்குகிறோம். 166 வாங்கிக்கொண்டு 332 கொடுக்கிறோம். கையிலிருந்து போவது 166. அடுத்த செவ்வாய் நிஃப்டி சரியாக 25,000-இல் முடிந்தால், விற்றது பூஜ்யம். வாங்கியதற்கு இன்னும் 21 நாள் உயிர் இருக்கிறது, விலை சுமார் 288. லாபம் 122 புள்ளி.

ஆனால் 25,500-க்குப் போய்விட்டால்? விற்ற காலுக்கு 500 கொடுக்க வேண்டும். வாங்கிய கால் 607 இருக்கும். மிச்சம் 107தான், 59 புள்ளி நஷ்டம். 24,500-க்கு இறங்கினாலும் கிட்டத்தட்ட அதே கதி. இருபக்கமும் 290 புள்ளிக்குள் இருந்தால் பிழைத்தோம் என்று கணக்கு சொல்கிறது.

அந்த 12 சதவீதத்தையே ஒரு வாரத்துக்குச் சுருக்கினால், நிஃப்டியின் வழக்கமான நகர்வு 415 புள்ளி வருகிறது. அதாவது 290-க்குள் அடங்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல், அவ்வளவே. ‘நேரம் நமக்காக வேலை செய்கிறது’ என்று விளம்பரப்படுத்துபவர்கள் இந்த வரியைச் சொல்வதில்லை. சந்தை விலையில் வைத்திருப்பதைவிட அமைதியான வாரம் வரும் என்று நம்புவதற்குச் சார்ட்டில் காரணம் இருக்க வேண்டும்.

எதைப் பார்ப்பது? தினசரி சார்ட்டில் மூன்று நான்கு வாரமாக ஒரு கூரையும் ஒரு தரையும் தெரிய வேண்டும். உதாரணமாக, 25,250-இல் இருமுறை திரும்பி, 24,750-இல் இருமுறை எழுந்திருக்கிறது. 20 நாள் சராசரிக் கோடு அதன் நடுவே படுத்திருக்கிறது. ஸ்ட்ரைக்கை அந்த நடுவில் வைக்கலாம், கூரையருகே இருக்கும்போது அல்ல. பிறகு ஒரு கைக்கணக்கு: கடந்த பத்து செவ்வாய் முடிவு விலைகளை எழுதி, அடுத்தடுத்த வித்தியாசம் எத்தனை முறை 290-க்குள் இருந்தது என்று எண்ணுங்கள். ஐந்துதான் என்றால் அந்தச் சார்ட் அமைதியாகத் தெரிகிறதே தவிர, உங்களுக்கு எதுவும் தரவில்லை. பொலிஞ்சர் பட்டை இறுகக் குறுகியிருப்பதைக் கண்டு மயங்கவும் வேண்டாம். நீண்ட இறுக்கம் உடைகிறபோது வேகமாக உடையும்.

வார ஆப்ஷன் மட்டும் தனியாக விலையேறி நின்றால் காலண்டரைப் பாருங்கள். அந்த வாரத்துக்குள் பட்ஜெட்டோ தேர்தல் முடிவோ இருக்கும். 2024 ஜூன் 4 அன்று நிஃப்டி ஒரே நாளில் 1,379 புள்ளி விழுந்தது. அதற்கு முந்தைய சார்ட்டில் எந்தத் தரையும் அதைத் தாங்கவில்லை.

நிஃப்டி நகராமலேயே அடி விழவும் கூடும். பதற்றம் தணிந்து மாத ஆப்ஷனின் ஏற்ற இறக்க மதிப்பு 12-இலிருந்து 10-க்கு இறங்கினால், நாம் வைத்திருக்கும் 288 சுமார் 240 ஆகிவிடும். இந்தியா விக்ஸ் ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும்போது இந்த ஸ்பிரெட்டை நான் தொடமாட்டேன்.

இன்னொன்றும் உண்டு. 2025 பிப்ரவரி 1 முதல், எக்ஸ்பைரி நாளில் அன்றைக்கு முடியும் ஆப்ஷனுக்குக் காலண்டர் ஸ்பிரெட் மார்ஜின் சலுகை கிடையாது என்பது செபி விதி. வாங்கிய கால் கையில் இருந்தாலும், விற்றதற்கு முழு மார்ஜின் கட்ட வேண்டும். அவ்வளவு பணம் கணக்கில் இல்லாதவர் திங்கட்கிழமையே வெளியேறியாக வேண்டும். அப்போது நிஃப்டி 25,000-இலேயே இருந்தாலும் வார ஆப்ஷனில் 63 புள்ளி மிச்சம் இருக்கும், மாத ஆப்ஷன் 295. கிடைக்கும் லாபம் 122 அல்ல, 66.