கர்ப்பப்பை போனாலும் சுரப்பு நிற்காது

ஃபைப்ராய்டு கட்டிகளால் மாதந்தோறும் பத்து நாள் ரத்தப்போக்கு. 42 வயதுப் பெண் ஒருவருக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு, சினைப்பைகள் இரண்டையும் மருத்துவர் விட்டுவைத்தார் என்று கொள்வோம். தீட்டு நின்றுவிட்டது. ஆனால் சில மாதம் கழித்து மார்பு கனத்து வலிக்கிறது, காரணமில்லாமல் கோபம் வருகிறது, நாலைந்து நாளில் தானே அடங்குகிறது. அடுத்த மாதமும் அப்படியே. “எல்லாம்தான் எடுத்தாச்சே, இன்னும் என்ன?” என்பார்கள் வீட்டில்.

எல்லாவற்றையும் எடுக்கவில்லை. ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டிரோனையும் சுரப்பவை சினைப்பைகள். அந்தச் சுரப்புக்கு ஏற்ப உள்சவ்வை வளர்த்து உதிர்ப்பது மட்டுமே கர்ப்பப்பையின் பங்கு. சவ்வு இல்லை, அதனால் உதிரப்போக்கும் இல்லை. சுழற்சி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. மாதாமாதம் வெளிவரும் முட்டை வயிற்றுக்குள்ளேயே கரைந்துபோகிறது. அந்தப் பெண்ணின் மார்புவலி, சினைப்பை வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம்.

ஆனால், ‘ஹார்மோனில் ஒரு மாற்றமும் வராது’ என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்புவது பாதி உண்மைதான். சினைப்பைக்கு இரண்டு வழியாக ரத்தம் வருகிறது: பெருந்தமனியிலிருந்து நேராக ஒன்று, கர்ப்பப்பைத் தமனியின் கிளை வழியாக இன்னொன்று. அறுவை சிகிச்சையில் இரண்டாவது வழி அறுபடுகிறது. சினைப்பை சீக்கிரம் ஓய்வதற்கு இது காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், சினைப்பையை வைத்துக்கொண்டு கர்ப்பப்பையை எடுத்த சுமார் 400 பெண்களை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் 14.8 சதவீதம் பேருக்குச் சினைப்பை ஓய்ந்திருந்தது. அறுவை சிகிச்சை செய்யாதவர்களில் 8 சதவீதம். சராசரியாகச் சுமார் இரண்டு ஆண்டு முன்கூட்டியே மெனோபாஸ் வருகிறது என்று அவர்கள் கணித்தார்கள். இருந்தாலும், சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தால் ஓரிரு நாளிலேயே ஈஸ்ட்ரோஜன் சரிந்துவிடுகிறதே, அதோடு இதை ஒப்பிட முடியாது.

சிக்கல் வேறிடத்தில். மாதவிடாய் இல்லாதவருக்கு மெனோபாஸ் வந்தது எப்படித் தெரியும்? அறுவை சிகிச்சை முடிந்த முதல் சில வாரங்களில் உடல் சூடேறி வியர்த்தால் அது தானே தணிந்துவிடக்கூடும். பின்னாளில் தொடர்ந்து வந்தாலோ, இரவில் வியர்த்து எழுந்தாலோ, பெண்ணுறுப்பு வறண்டாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். எஃப்.எஸ்.ஹெச். ரத்தப் பரிசோதனை உதவும். மெனோபாஸ் நெருங்கும் காலத்தில் அந்த அளவு ஏறி இறங்கும் என்பதால் ஒரே சோதனையை நம்பி முடிவுக்கு வர முடியாது. 45 வயதுக்கு முன்பே ஓய்ந்துவிட்டால் எலும்பு தேய்மானத்தையும் கவனிக்க வேண்டும். ஹார்மோன் மாத்திரை தேவைப்பட்டால், கர்ப்பப்பை இல்லாதவர்களில் பெரும்பாலோருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும்.

சினைப்பை எடுக்கப்பட்டதா, ஒன்றா இரண்டா என்பதே பல பெண்களுக்குத் தெரிவதில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் அது எழுதியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கி வையுங்கள்.