தந்தியும் தாளமும் – 9: நிற்காத சுரம்

சென்ற வாரம் மைனர் பென்டாடோனிக்கின் ஐந்து சுரங்களைப் பார்த்தோம்: ஏ, சி, டி, ஈ, ஜி. இவற்றில் டிக்கும் ஈக்கும் நடுவே ஈ-ஃப்ளாட்டைச் செருகினால் பாடப்புத்தகங்கள் ‘ப்ளூஸ் ஸ்கேல்’ என்று அச்சிடுவது கிடைத்துவிடும். ஏ-யை ஆதார சட்ஜமாக வைத்தால், சுத்த மத்யமத்துக்கும் பஞ்சமத்துக்கும் இடையில் வரும் பிரதி மத்யமத்தின் இடம் அது. ஆறு சுரங்களும் ஒரே வரிசையில் அச்சாகியிருப்பதால், ஆறுக்கும் சம உரிமை என்று படிப்பவர் எடுத்துக்கொள்கிறார். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. ஈ-ஃப்ளாட்டுக்கு அந்த உரிமை கிடையாது; அது கடந்துபோகும் சுரம். மேலே கடப்பதா, கீழே கடப்பதா என்பதையும் வாசிப்பவரின் மனநிலையைவிடப் பன்னிரண்டு பார் அமைப்பே அதிகம் தீர்மானிக்கிறது என்பேன்.

அந்த அமைப்பு எளிமையானது. நான்கு நான்கு அடிகளாகப் பன்னிரண்டு பார். முதல் 4 பாரும் ஏ செவன்த் கார்ட். 5, 6-ல் டி செவன்த். 7, 8-ல் மறுபடி ஏ. 9-ல் ஈ செவன்த், 10-ல் டி, கடைசி இரண்டில் ஏ. பன்னிரண்டாவதில் பெரும்பாலும் ஈ செவன்த்தைப் போட்டு அடுத்த சுற்றுக்குத் திரும்புவார்கள். இப்போது கிடாரில் மூன்றாம் தந்தியின் 7-வது ஃப்ரெட்டில் டி, 8-ல் ஈ-ஃப்ளாட், பிறகு இரண்டாம் தந்தியின் 5-ல் ஈ என்று வரிசையாக வாசித்துப் பாருங்கள். ஏ செவன்த்துக்கு மேல் ஈ அந்தக் கார்டின் சொந்த சுரம். ஆகவே ஈ-ஃப்ளாட்டில் எழும் முறுக்கு, அரைப்படி மேலே ஏறியதுமே அவிழ்ந்துவிடுகிறது. ஷஃபிள் நடையில் ஒரு அடியை மூன்றாகப் பிரித்து, நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் வாசித்தால், ஈ-ஃப்ளாட்டின் ஆயுள் ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்கு. ஈ அடுத்த அடியின் தலையில் விழுகிறது. காதுக்கு அந்த நிறம் எட்டுவதற்கு இவ்வளவு நேரமே போதும்.

இதே மூன்று சுரங்களை ஐந்தாவது பாரில் அப்படியே திருப்பி வாசித்தால் ஏதோ சப்பென்று இருக்கும். அங்கே அடியில் இருப்பது டி செவன்த். ஈ அதில் இல்லை. ஈ-ஃப்ளாட்டோ டி என்ற மூல சுரத்துக்கு அரைப்படி மேலே உரசிக்கொண்டு நிற்கிறது. அடியின் தலையில் போட்டு இரண்டு அடி நீட்டினால், விரல் தவறிவிட்டது என்றே கேட்பவர் நினைப்பார். திசையை மாற்றி ஈ, ஈ-ஃப்ளாட், டி என்று இறங்கினால் அதே உரசல் மூல சுரத்தில் போய் அடங்குகிறது. ஒன்பதாவது பாரில் நிலைமை மறுபடி மாறுகிறது. ஈ செவன்த்தில் மூல சுரம் ஈ, ஏழாவது டி. ஈ-ஃப்ளாட் இரண்டையும் இடித்துக்கொண்டு நடுவில் மாட்டிக்கொள்கிறது. மூன்று இடங்களிலும் இங்கேதான் அது கூர்மையாகக் கேட்கும், மேலே ஏறியதும் கிடைக்கும் நிம்மதியும் அதிகம். ஒரே சுரம், ஒரே ஃப்ரெட். கார்ட் மாற மாற அதன் குணம் மாறுகிறது.

பழைய பாடகர்களும் ஸ்லைடு கிடார்காரர்களும் ஈ-ஃப்ளாட்டை இவ்வளவு துல்லியமாகவா பிடித்தார்கள் என்று கேட்கலாம். இல்லைதான். அவர்கள் டியிலிருந்து ஈயை நோக்கி வழுக்கினார்கள். தந்தியை இழுப்பவரும் அதைத்தான் செய்கிறார். பியானோவில் வழுக்க முடியாது என்பதால், கருப்புக் கட்டையிலிருந்து விரலைச் சறுக்கி வெள்ளைக் கட்டையில் விழ வைக்கிறார்கள். இவை எல்லாமே நகர்வுகள் என்பதால் இந்தக் கேள்வி என் வாதத்துக்குத்தான் துணை. இதைவிடக் கனமான மறுப்பு 1940-களின் பீபாப்காரர்களிடமிருந்து வருகிறது. டிஸ்ஸி கில்லெஸ்பியும் தெலோனியஸ் மங்கும் குறைந்த ஐந்தாவதைத் தயங்காமல் நிறுத்தினார்களே? நிறுத்தினார்கள். ஆனால் நிறுத்த வேண்டிய இடத்தில் கார்டின் ஐந்தாவதையே பல நேரம் குறைத்துக்கொண்டார்கள். கார்டுக்குள் இடம் கிடைத்தபின் அது கடந்துபோகும் சுரமாக இருப்பதில்லை.

க்ரீம் குழுவின் 1967-ஆம் ஆண்டுப் பாட்டு ‘சன்ஷைன் ஆஃப் யுவர் லவ்’ என் விதியை இன்னொரு பக்கத்திலிருந்து இடிக்கிறது. டி ஸ்ருதியில் அமைந்த அதன் ரிஃப், முதல் கார்டிலேயே ஏ, ஏ-ஃப்ளாட், ஜி என்று கீழே இறங்குகிறது. முதல் கார்டில் மேலேதானே போக வேண்டும்? இறங்கலாம், ஜியில் தங்காதவரை. இந்த ரிஃப் ஜியைத் தொட்டதும் டிக்குத் தாவிவிடுகிறது. பாட்டின் அமைப்பும் பன்னிரண்டு பாரை இரு மடங்காக நீட்டியதுதான். நான்காம் கார்டான ஜி வரும்போது இவர்கள் திசையை மாற்றவில்லை. ரிஃப் முழுவதையும் தூக்கி ஜிக்குக் கொண்டுபோகிறார்கள்; ஏ-ஃப்ளாட்டின் வேலையை அங்கே டி-ஃப்ளாட் செய்கிறது.