பகலில் கண் சொருகுகிறதா? நீங்களே மதிப்பெண் போட்டுப் பாருங்கள்

‘எப்பப் பாரு தூக்கம் தூக்கமா வருது டாக்டர்’ என்று சொன்னால், மருத்துவருக்கு அதிலிருந்து பெரிதாக எதுவும் தெரிந்துவிடாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கண் அயர்பவரும் இதையே சொல்வார். வண்டி ஓட்டும்போதே தலை தொங்கிப்போகிறவரும் இதையே சொல்வார். இந்த இருவரையும் பிரித்துக் காட்டத்தான் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் உள்ள எப்வொர்த் மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் முர்ரே ஜான்ஸ் ஒரு சிறு வினாத்தாளை உருவாக்கி, 1991இல் வெளியிட்டார். எப்வொர்த் தூக்க அளவுகோல் என்று அதற்குப் பெயர். தூக்கச் சிகிச்சை மையங்களில் இன்றும் முதலில் கையில் கொடுக்கும் தாள் பெரும்பாலும் இதுதான்.

அதில் எட்டுச் சூழ்நிலைகள் இருக்கின்றன. உட்கார்ந்து படிப்பது, டிவி பார்ப்பது, கூட்டத்திலோ தியேட்டரிலோ சும்மா உட்கார்ந்திருப்பது, ஒரு மணி நேரம் இடைவிடாமல் காரில் பயணியாகப் போவது, வாய்ப்புக் கிடைத்தால் பிற்பகலில் படுப்பது, ஒருவரோடு உட்கார்ந்து பேசுவது, மது அருந்தாமல் மதியம் சாப்பிட்டுவிட்டு அமைதியாக உட்கார்ந்திருப்பது, போக்குவரத்து நெரிசலில் வண்டி சில நிமிடம் நிற்கும்போது உள்ளே இருப்பது. ஒவ்வொன்றிலும் நீங்கள் தூங்கிவிட எவ்வளவு வாய்ப்பு உண்டு என்று யோசித்து எண் போட வேண்டும். தூங்கவே மாட்டேன் என்றால் 0, லேசான வாய்ப்பு என்றால் 1, ஓரளவு வாய்ப்பு என்றால் 2, நிச்சயம் தூங்கிவிடுவேன் என்கிற அளவுக்கு என்றால் 3. எல்லாவற்றையும் கூட்டினால் 0 முதல் 24க்குள் ஓர் எண் வரும்.

எண் போடும்போது பலர் தடுமாறும் இடங்கள் உண்டு. உடல் அசதியை நினைத்து எண் போடுவது முதலாவது. இந்தத் தாள் அசதியைக் கேட்கவில்லை. கண் மூடி உறங்கிப்போவீர்களா என்றுதான் கேட்கிறது. கை கால் ஓய்ந்துபோய், ஆனால் படுத்தாலும் தூக்கம் பிடிக்காத ஒருவருக்கு 3 போட இடமில்லை. இரவில் தூக்கம் வராமல் புரள்கிற பலருக்கு இந்தத் தாளில் குறைந்த எண்ணே வருவது இதனால்தான். அடுத்து, நேற்று இரவு கல்யாண வீட்டில் விழித்திருந்ததை வைத்து இன்று எண் போடக் கூடாது. அண்மைக் காலத்தில் உங்கள் வழக்கம் என்னவோ அதைத்தான் நினைக்க வேண்டும். புத்தகம் படிக்கும் பழக்கமே இல்லை, காரில் போவதே இல்லை என்றாலும் அந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அப்படி ஒரு நிலை வந்தால் என்ன ஆகும் என்று ஊகித்தாவது எண் போடுங்கள். ஒரு கேள்வியை விட்டாலும் கூட்டுத்தொகைக்கு மதிப்பில்லை.

10 வரை வந்தால் பொதுவாக இயல்பு. 11, 12 என்றால் லேசான மிகைத் தூக்கம், 13 முதல் 15 வரை நடுத்தரம், 16க்கு மேல் கடுமை. இந்தக் கோடுகளைக் கல்லில் வெட்டியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே ஆள் சில வாரம் கழித்து மறுபடி போட்டால் இரண்டு மூன்று எண் ஏறி இறங்குவது சகஜம். 10 வந்தவர் நிம்மதியடையவும் 11 வந்தவர் பதறவும் காரணமில்லை.

ஓர் உதாரணத்தைப் போட்டே பார்ப்போம். 46 வயது, கணக்குப் பிரிவில் வேலை என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். படிக்கும்போது 2, டிவி முன்னால் 3, கூட்டத்தில் 1, காரில் பயணியாக 3, பிற்பகலில் படுத்தால் 3, பேசும்போது 0, சாப்பாட்டுக்குப் பின் 2, நெரிசலில் 1. மொத்தம் 15. இந்த எட்டும் ஒரே எடை உள்ளவை அல்ல. பிற்பகலில் படுத்தால் நல்ல ஆரோக்கியம் உள்ளவர்களும் தூங்கிவிடுவார்கள். அந்த 3 கவலைக்குரியது அல்ல. நெரிசலில் போட்ட 1 அப்படியல்ல. உட்கார்ந்து பேசும்போதும், வண்டி நிற்கும் சில நிமிடங்களிலும் விழிப்பாக இருப்பது எளிது. அங்கேயே கண் மூடுகிறது என்றால், மொத்தம் எவ்வளவாக இருந்தாலும் அந்த எண்ணை மருத்துவர் கவனிக்க வேண்டும்.

இவர் இரவு 12 மணிக்குப் படுத்து 5 மணிக்கு எழுபவராக இருந்தால், முதல் சந்தேகம் தூக்கக் குறைவின் மேல்தான். பெரியவர்களுக்கு இரவில் ஏழு மணி நேரமாவது வேண்டும். படுத்த நேரம், எழுந்த நேரம், பகலில் தூங்கிய நேரம் மூன்றையும் குறித்துக்கொண்டே இரண்டு வாரம் போதிய அளவு தூங்கிவிட்டு மறுபடி எண் போடலாம். 15 என்பது 8 ஆகிவிட்டால் விடை கிடைத்துவிட்டது. போதுமான அளவு தூங்கியும் எண் இறங்கவில்லை என்றால், தூக்கத்தின் தரத்தில் ஏதோ கோளாறு இருக்கலாம். மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இரண்டு வாரம் காத்திருக்கவே கூடாத நிலைகளும் உண்டு. ‘இவர் பலமாகக் குறட்டை விடுவார், நடுவில் மூச்சே நின்றுபோகும், அப்புறம் திணறி இழுப்பார்’ என்று மனைவி சொன்னால், அது தூக்கத்தில் மூச்சுப்பாதை அடைபடும் நோயின் அடையாளம். ஒவ்வொரு அடைப்புக்கும் மூளை ஒரு கணம் விழிக்கிறது. காலையில் அவருக்கு அது நினைவிருக்காது. எட்டு மணி நேரம் படுத்திருந்தும் தூங்காத களைப்போடு எழுவார். ரத்த அழுத்தமும் இதனால் ஏறும். சிரிக்கும்போதோ கோபப்படும்போதோ திடீரென முழங்கால் தளர்ந்துபோகிறது என்றால் அது நார்கோலெப்சி என்ற வேறொரு நோயாக இருக்கலாம். சளி, அலர்ஜிக்குப் போடும் சில மாத்திரைகளும், மனநல மருந்துகள் சிலவும் பகலில் தூக்கத்தைக் கொடுக்கும். அவற்றைத் தானாக நிறுத்தாமல் பட்டியலாக எழுதி எடுத்துப்போங்கள்.

இந்தத் தாள் எவ்வளவு தூக்கம் வருகிறது என்று காட்டும். ஏன் வருகிறது என்று காட்டாது. மூச்சு அடைப்பு நோய் உள்ளவர்களில் கணிசமானோருக்கு எண் 10க்குள்ளேயே நிற்கும். ஆகவே குறட்டையும் மூச்சு நிற்பதும் இருந்தால், 6 வந்தது என்று சும்மா இருந்துவிடக் கூடாது. லாரி, பஸ் ஓட்டுபவர்கள் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் குறைத்துப் போடுவதும் உண்டு. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. தான் தூங்கியதே தெரியாதவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் இருப்பவர் உங்களுக்காகத் தனியே ஒரு தாளில் எண் போடட்டும். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வந்தால் நான் வீட்டாரின் எண்ணைத்தான் நம்புவேன்.

முதலில் உங்கள் குடும்ப மருத்துவரிடமே போகலாம். தொண்டை, கழுத்துச் சுற்றளவு, எடை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் நுரையீரல் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ அனுப்புவார். அவர்கள் ஓர் இரவுத் தூக்கப் பரிசோதனை எழுதித் தரலாம். ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு தடைபடுகிறது அல்லது குறைகிறது என்று அதில் எண்ணுவார்கள். 30க்கு மேல் என்றால் கடுமை. மூக்கில் முகமூடி மாட்டி, காற்றழுத்தத்தால் பாதையைத் திறந்து வைக்கும் கருவியைப் பரிந்துரைப்பார்கள். அதைப் பழகிய பின் மறுபடி எட்டுக் கேள்விக்கும் எண் போட்டால், சிகிச்சை எவ்வளவு கேட்கிறது என்பதும் ஓரளவு தெரியும்.

மருத்துவரிடம் போகும்போது எட்டு எண்களையும் தனித்தனியாக எழுதிய தாள், இரண்டு வாரத் தூக்கக் குறிப்பு, மருந்துப் பட்டியல் இருந்தால் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் படுத்து உறங்குகிறவரையும் கூட்டிப்போங்கள். வண்டி ஓட்டும்போது ஒரு முறையாவது கண் மூடியிருந்தால், எண் என்ன என்று பார்க்காதீர்கள். மருத்துவரைப் பார்க்கும் வரை சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.