பட்டறையில் ஒரு பேட்டி

கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்க்கும் ஸ்தபதி ஒருவரைப் பேட்டி காணப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் ரெக்கார்டரை வெளியே எடுக்க வேண்டாம். போய் உட்கார்ந்து வேலையைப் பாருங்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உரு செய்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைக்கிறார்கள். பிறகு சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். இந்த வரிசை உங்கள் மனத்தில் பதிந்தால்தான் கேள்வி பிறக்கும். எந்த நேரத்தில் உலை ஊதுவார்கள், எப்போது அரம் போடுவார்கள், எப்போது பட்டறை அமைதியாக இருக்கும் என்பதும் அன்றே தெரிந்துவிடும்.

“எத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருக்கீங்க?” என்று கேட்டால், “பரம்பரையா பண்றோம்” என்பதோடு பதில் முடிந்துவிடும். நூறு பேர் கேட்ட கேள்வி அது. கையில் இருக்கும் பொருளைக் காட்டிக் கேளுங்கள். “ஐயா, மெழுகு பதமா இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? வெயில் காலத்துக்கும் மழைக்காலத்துக்கும் குங்கிலியம் ஒரே அளவுதானா?” என்றால், அவர் விரலால் மெழுகை அழுத்திக் காட்டத் தொடங்குவார். தென்னை ஓலையை மடித்துச் சிலைக்கு அளவெடுக்கும் ஒடியோலையைப் பற்றிக் கேட்பதைவிட, ஓர் ஓலையைக் கொடுத்து மடிக்கச் சொல்வது மேல்.

கெட்டுப்போன வேலையைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். மண் அச்சில் ஈரம் தங்கியிருந்தால், ஊற்றும்போது அது ஆவியாகி உலோகத்தைத் தெறிக்கவைக்கும். அந்த ஈரத்தை அவர் முன்கூட்டியே எதை வைத்துக் கண்டுபிடிக்கிறார் என்பது புத்தகத்தில் கிடைக்காத செய்தி. அவர் பதில் சொல்லி நிறுத்தியதும் அடுத்த கேள்விக்குப் பாயாதீர்கள். ஐந்தாறு விநாடி பேசாமல் இருங்கள். பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் முக்கியமானது வரும்.

சம்மதம் என்பது படிவத்தில் ஒரு கையெழுத்தோடு முடிகிற காரியம் அல்ல. கையெழுத்துப் போடத் தயங்குகிறவரிடம் குரலிலேயே வாங்கலாம். பதிவின் தொடக்கத்தில் நாள், இடம், உங்கள் பெயர் சொல்லிவிட்டு, “ஐயா, இதைப் பத்திரிகையில எழுதுவேன், ஒலியையும் பாதுகாத்து வைப்பேன். உங்க பேரைப் போடலாமா? எந்த இடத்துலயும் நிறுத்தச் சொல்லலாம்” என்று கேட்டு, அவர் வாயால் பதில் வாங்குங்கள். பேசி முடித்தபின் இன்னொரு முறை கேட்பது அவசியம். என்ன சொன்னோம் என்பது அவருக்கு அப்போதுதானே தெரியும்? உலோகக் கலவையின் அளவு, சிலை செய்யச் சொன்னவரின் பெயர், வாங்கிய கூலி ஆகியவற்றைப் பேச்சுவாக்கில் சொல்லியிருப்பார். வெளியே வர விரும்பமாட்டார். “அதை எடுத்துடுங்க” என்றால் எடுத்துவிட வேண்டும், பேரம் பேசக் கூடாது. கண் திறக்கும் சடங்கைப் பதிவுசெய்யலாமா என்று தனியாகக் கேளுங்கள். பட்டறையில் வேலை பார்க்கும் மற்றவர்களின் குரல் பதிவானால் அவர்களிடமும் கேட்க வேண்டும்.

இனி ஒலி. பேச்சையும் வேலையையும் ஒரே பதிவில் பிடிக்க முயல்வதால்தான் பாதிப் பேட்டிகள் கெடுகின்றன. பேச்சை உலை ஓயும் நேரத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டு எடுங்கள். தகரக் கூரையும் வெறுஞ்சுவரும் குரலை எதிரொலிக்கும். சாக்கு மூட்டையோ துணியோ அடுக்கிய மூலை நல்லது. சட்டைக் காலரில் மைக் குத்துவது வழக்கம். உலைச் சூட்டில் ஸ்தபதி தோளில் துண்டு மட்டும் போட்டிருந்தால் என்ன செய்வது? துண்டில் குத்தினால் ஒவ்வோர் அசைவிலும் சரசரப்பு ஏறும். அப்போது சிறு ஸ்டாண்டில், அவர் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் மைக்கை வையுங்கள். நேர் எதிரே வைத்தால் மூச்சு மோதும்.

ரெக்கார்டரில் WAV, 48 kHz, 24 bit என்று வைத்து, சாதாரணப் பேச்சின் உச்சம் -12 dB அருகே நிற்கும்படி அளவை அமையுங்கள். அவர் சிரித்தாலோ குரல் உயர்த்தினாலோ சிதறாமல் இருக்க அந்த இடைவெளி வேண்டும். சிதறிய ஒலியை முழுதாகச் சரிசெய்ய முடியாது; சற்றுத் தணிந்த ஒலியை உயர்த்திக்கொள்ளலாம். போனிலேயே பதிவதானால் விமான நிலைக்கு மாற்றிவிடுங்கள். ஹெட்போன் மாட்டி ஒரு நிமிடம் பதிந்து, கேட்டுப் பார்த்த பிறகே முதல் கேள்வி.

உளி, அரம், உலோகம் ஊற்றும் ஓசை எல்லாவற்றையும் பேச்சு முடிந்தபின் அளவைக் குறைத்துத் தனியே எடுங்கள். யாரும் பேசாத பட்டறையையும் அரை நிமிடம் பதிந்துகொள்ளுங்கள். வெட்டி ஒட்டும் இடங்களில் அது கைகொடுக்கும். ஊர் திரும்பியதும் மூலக் கோப்பை இரண்டு இடங்களில் சேமித்துவிட்டு, ஒரு பென்டிரைவில் போட்டு அவர் வீட்டுக்கும் கொடுத்துவிடுங்கள். அது அவர்கள் குடும்பத்துச் சொத்து.