எடைக்குள் ஒளிந்திருக்கும் வட்டி: பழைய பொருள் சேகரிப்பு நிலையத்துக்கு ஒரு தொழில் திட்டம்

காயலான் கடைக்காரர் ஒருவர், தெருத்தெருவாகப் பழைய பொருள் சேகரிக்கும் பெண் ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய் முன்பணம் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டி இல்லை, தவணை இல்லை, பத்திரமும் இல்லை. சேகரிப்பதை எல்லாம் அவருடைய கடையில்தான் போட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. விலை மட்டும் மற்ற கடைகளைவிடக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைவு. நாளொன்றுக்கு முப்பது கிலோ போட்டால் அப்பெண் இழப்பது 60 ரூபாய். மாதத்தில் இருபத்தைந்து நாள் உழைத்தால் 1,500 ரூபாய். நூற்றுக்குப் பதினைந்து மாத வட்டி இது. ஏழு மாதத்தில் முன்பணத்தைவிட அதிகமான தொகை கைமாறிவிடுகிறது. ஆனால் அசல் பத்தாயிரத்தில் ஒரு ரூபாய்கூடக் குறைவதில்லை.

கழிவு சேகரிப்போர் தாமே ஒரு நிலையம் அமைக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இடம், தராசு, வண்டி என்றே திட்டங்கள் தொடங்குகின்றன. தொடங்க வேண்டிய இடம் மேற்கண்ட கணக்கு. இத்தொழிலில் கடனும் வட்டியும் எடைக்குள்ளும் விலைக்குள்ளும் மறைந்து கிடக்கின்றன. அவற்றைத் தனியே பிரித்துக் காணாத நிலையம், உரிமையாளர் மட்டும் மாறிய இன்னொரு காயலான் கடையாகவே முடியும்.

நடுத்தர நகரம் ஒன்றில் பத்துப் பெண்கள் சேர்ந்து நிலையம் தொடங்குவதாகக் கொள்வோம். ஒருவருக்கு முப்பது கிலோ வீதம் நாளொன்றுக்கு முந்நூறு கிலோ. மாதத்தில் ஏழரை டன். இங்கே குறிப்பிடும் விலைகளும் கூலியும் கணக்கை விளக்குவதற்காக வைத்துக்கொண்டவை. உண்மை விலை ஊருக்கு ஊர், வாரத்துக்கு வாரம் மாறும்.

முதலில் எடை. பிளாஸ்டிக் சாக்கு ஒன்றின் எடை சுமார் 150 கிராம். கடையில் சாக்குக்காக ஒரு கிலோ கழிப்பது 'வழக்கம்' எனப்படும். இரும்பு நிறைந்த ஐம்பது கிலோ மூட்டையில் இந்தக் கழிவு பெரிதாகத் தோன்றாது. ஆனால் பிளாஸ்டிக் பாட்டில் எடையற்ற சரக்கு; மிதித்து நசுக்கி நிரப்பிய பெரிய சாக்குகூடப் பத்து கிலோவைத் தாண்டுவது அரிது. அதில் ஒரு கிலோ கழித்தால் பத்தில் ஒரு பங்கு போயிற்று. அதன் பிறகு மிச்சமிருக்கும் கிராம்களை விட்டுவிட்டு முழுக் கிலோவாக எழுதுகிறார்கள். தராசில் மோசடி என்றதும் தட்டுக்கு அடியில் ஒட்டிய காந்தத்தைத் தேடுகிறோம். பெரும்பாலான இழப்பு காந்தத்தால் நேர்வதன்று. இத்தகைய கழித்தலால் நேர்வது.

ஆகவே நிலையத்தில் வெறும் சாக்கை முதலில் தட்டில் வைத்துத் தராசைச் சுழியத்துக்குக் கொண்டுவந்த பிறகே சரக்கை ஏற்ற வேண்டும். எண் காட்டும் திரை சரக்கு கொண்டுவந்தவரின் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். கிராம் வரை எழுதிய சீட்டு அவர் கையில் போக வேண்டும். 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி, வணிகத்தில் பயன்படும் தராசு முத்திரையிடப்பட வேண்டும். மின்னணுத் தராசுக்கு இதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தமிழகத்தில் இப்பணி தொழிலாளர் துறையிடம் உள்ளது. முத்திரைக்கும் முத்திரைக்கும் இடையில், முத்திரையிட்ட இருபது கிலோ எடைக்கல் ஒன்றை வைத்து ஒவ்வொரு காலையும் சோதித்துக்கொள்ளலாம். அக்கல்லை யார் வேண்டுமானாலும் எடுத்துத் தட்டில் வைத்துப் பார்க்கலாம் என்ற உரிமை இருந்தால், சந்தேகத்துக்கு இடமிருக்காது.

அடுத்தது பிரித்தல். கலப்புப் பிளாஸ்டிக் நூறு கிலோவைப் பதினான்கு ரூபாய் வீதம் 1,400 ரூபாய்க்கு வாங்குவதாகக் கொள்வோம். பிரித்தால் அதில் தண்ணீர், குளிர்பான பாட்டில்களான பெட் 35 கிலோ. வாளி, டப்பா, ஷாம்பு பாட்டில் போன்ற கடினப் பிளாஸ்டிக் 30 கிலோ. பால் கவர் 5 கிலோ. மற்ற கவர்கள் 20 கிலோ. எவரும் வாங்காத குப்பை 10 கிலோ. முறையே கிலோ 28, 32, 20, 10 ரூபாய் என்றால் மொத்தம் 2,240 ரூபாய். வேறுபாடு 840 ரூபாய். இதைக் கண்டதும் பலர் அறுபது விழுக்காடு லாபம் என்று திட்ட அறிக்கையில் எழுதிவிடுகிறார்கள். நூறு கிலோவைப் பிரிக்க ஒருவருக்கு ஒரு முழு நாள் ஆகிறது என்றால், 450 ரூபாய் கூலி போக எஞ்சுவது 390. அதில்தான் வாடகையும் வண்டியும் குப்பையை அகற்றும் செலவும் அடங்க வேண்டும். பிரிப்பதால் வரும் 'லாபத்தில்' பாதிக்கு மேல் உண்மையில் ஒருவருடைய கூலி. குடும்பப் பெண்களும் சிறுவர்களும் இரவில் உட்கார்ந்து பிரிக்கும் வீடுகளில் இந்தக் கூலி யாருடைய கணக்கிலும் ஏறுவதில்லை. அக்கூலியை முதலில் எழுதாத திட்டம் கணக்குத் தவறிய திட்டம்.

எந்த அளவுக்குப் பிரிப்பது என்பதை வாங்குபவர் தீர்மானிக்கிறார். பெட் ஆலைகள் பெரிதும் அஞ்சுவது பிவிசி கலப்படத்தை. பெட்டை உருக்கும் வெப்பத்தில் பிவிசி சிதைந்து அமிலத்தை வெளியிட்டுச் சரக்கை மஞ்சளாக்கிவிடும். ஒரு லோடில் சில பாட்டில்களே இருந்தாலும் விலை விழும். கண்டுபிடிக்க எளிய வழி அடிப்பகுதியைப் பார்ப்பது. பெட் பாட்டிலின் அடியில் நடுவே சிறு புள்ளி போன்ற தடிப்பு இருக்கும். பிவிசி பாட்டிலில் அடியை ஒட்டிய கோடு ஒன்று ஓடும், மடித்தால் மடிப்பில் வெண்கோடு விழும். மூடிகள் வேறு பிளாஸ்டிக். தண்ணீரில் போட்டால் மூடி மிதக்கும், பெட் துண்டு மூழ்கும். எரித்துப் பார்த்து இனங்காணும் பழக்கம் கூடாது. செம்புக்காகக் கம்பியை எரிப்பதும் அப்படியே. பிவிசி உறை எரியும்போது டையாக்சின் உண்டாகிறது. எரிந்த செம்புக்கு விலையும் குறைவு. உறையை உரித்தே எடுக்க வேண்டும்.

சேமிப்பில் இடம்தான் பணம். வண்டிக் கணக்கில் இது உடனே தெரியும். சிறு சரக்கு வண்டி ஒன்று ஆலைக்குப் போய்வர 2,000 ரூபாய் என்போம். நசுக்கிய பாட்டில்களைச் சாக்கில் ஏற்றினால் 250 கிலோவிலேயே வண்டி நிரம்பிவிடும். கிலோவுக்கு எட்டு ரூபாய் செலவு. அதையே இயந்திரத்தில் அழுத்திக் கட்டுகளாக்கினால் 750 கிலோ ஏறும். செலவு மூன்று ரூபாய்க்கும் கீழ். வாரத்துக்கு ஒரு லோடுகூடச் சேராத நிலையம் சொந்தமாக இயந்திரம் வாங்குவதைவிட, கட்டும் வசதி உள்ள வேறொருவருக்குக் கூலி கொடுப்பது நல்லது.

அட்டையின் எதிரி ஈரம். நனைந்த அட்டை எடை கூடும் என்பதால் வாங்கும்போது நட்டம். ஆலையில் ஈரமானி வைத்து எடையைக் கழிப்பதால் விற்கும்போதும் நட்டம். தரையில் நேரே அடுக்கினால் சிமென்டிலிருந்தே ஈரம் ஏறும். மரப்பலகைமேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அட்டையைத் தேக்காமல் வாரத்துக்கு இருமுறை அனுப்பிவிடுவதே மேல், விலை சற்றுக் குறைந்தாலும். பழைய கைப்பேசி பேட்டரிகள் அட்டைக்குள் சிக்கித் தீப்பற்றும் ஆபத்து உண்டு. அவற்றை மணல் நிரப்பிய தகர டப்பாவில் தனியே வெளியில் வைக்க வேண்டும்.

இடம் கிடைப்பதே பெரும்பாடு. 'குப்பை' என்ற சொல்லுக்குப் பின்னால் சாதி நின்று கதவை அடைப்பதை இத்தொழிலில் உள்ளவர்கள் அறிவார்கள். கழிவு சேகரிப்போர் பிரித்தெடுக்கப் போதிய இடத்தை உள்ளாட்சி அமைப்பு ஏற்படுத்த வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே கூறின. நகராட்சியிடம் மனு எழுதும்போது இதைச் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை. கொள்முதல் பதிவேடும் அவசியம்: தேதி, கொண்டுவந்தவர், பொருள், எடை. செம்போ சாக்கடை மூடியோ களவுபோனால் காவல்துறை முதலில் வந்து நிற்பது இந்த வாசலில்தான். களவுப்பொருளை வாங்கியதாகக் குற்றஞ்சாட்டுவது எளிது, மறுக்க ஏடு வேண்டும்.

இனி வாங்குபவருடன் செய்யும் ஒப்பந்தம். எல்லோரும் விலையைப் பற்றியே பேரம் பேசுகிறார்கள். பணம் எப்போது வரும் என்பதே கூடுதல் முக்கியம். நிலையம் சேகரிப்போருக்கு அன்றன்றே பணம் தர வேண்டும். இல்லையேல் மறுநாள் அவர்கள் பழைய கடைக்குப் போவார்கள், போவதில் தவறும் இல்லை. முந்நூறு கிலோவுக்குச் சராசரி 12 ரூபாய் என்றால் நாளுக்கு 3,600 ரூபாய். லோடு சேரப் பத்து நாள், ஆலை பணம் தரப் பதினைந்து நாள் என்றால் இருபத்தைந்து நாள் கொள்முதல், 90,000 ரூபாய், எப்போதும் வெளியில் நிற்கும். வாரம் ஒருமுறை எடுத்துக்கொண்டு அன்றே பணம் தரும் வியாபாரி இருந்தால் 25,200 ரூபாய் போதும். இத்தொகையை அஞ்சு வட்டிக்கு வாங்கினால் இரண்டுக்குமான வட்டி வேறுபாடு மாதம் 3,240 ரூபாய்; ஏழரை டன்னில் பரப்பினால் கிலோவுக்கு நாற்பது காசுக்குச் சற்று மேல். அதாவது, கிலோவுக்கு நாற்பது காசு குறைத்துக் கேட்டாலும் அன்றே பணம் தருபவரே நல்ல வியாபாரி.

எடை எங்கே செல்லும் என்பதையும் எழுதிவிட வேண்டும். ஆலையின் எடைமேடையில் மட்டுமே எடை என்று ஒப்புக்கொண்டால் வழியில் குறையும் ஒவ்வொரு கிலோவும் நம் தலையில் விழும். இரு எடைகளுக்கும் ஒரு விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு வந்தால் மூன்றாவது எடைமேடையில் நிறுத்துவது என்ற விதி வேண்டும். சரக்கு தரமில்லை என்று நிராகரிப்பதானால் இறக்கிய நாளிலேயே, நம் ஆள் முன்னிலையில் சொல்ல வேண்டும். பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் வரும் 'கலப்படம்' என்ற சொல் பெரும்பாலும் சந்தை விலை இறங்கியதன் அறிகுறி. ஆண்டு முழுவதற்கும் ஒரே விலை என்ற ஒப்பந்தம் பாதுகாப்பாகத் தோன்றும். விலை விழும்போது அதைக் காப்பாற்ற ஆலையை எவராலும் கட்டாயப்படுத்த முடிவதில்லை. விலையை வாரந்தோறும் மாறவிட்டு, நிலையத்துக்குரிய இடைவெளியை மட்டும் நிலைநிறுத்திக்கொண்டு, கொள்முதல் விலையையும் அதே வாரம் பலகையில் மாற்றி எழுதுவதே தாக்குப்பிடிக்கும் வழி. மாதம் இத்தனை டன் தராவிட்டால் அபராதம் என்ற வரியில் மட்டும் கையெழுத்திடக் கூடாது. மழை மாதத்தில் அது கழுத்தை நெரிக்கும்.

2022 முதல் பிளாஸ்டிக் பொட்டல உற்பத்தியாளர்கள் தம் கழிவுக்குப் பொறுப்பேற்க வேண்டும். அதற்கான சான்றிதழ்களைப் பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலைகள் உருவாக்கி விற்கின்றன. சேகரித்தவருக்கு அதில் தானாக எதுவும் வருவதில்லை. பதிவுபெற்ற ஆலையுடன் நேரடி ஒப்பந்தம் செய்வோர், சான்றிதழ் வருவாயில் கிலோவுக்கு இவ்வளவு என்று ஒரு வரி சேர்க்கக் கேட்கலாம். கேட்காமல் எவரும் தரப்போவதில்லை.

மீண்டும் முன்பணத்துக்கு வருவோம். பத்துப் பெண்களும் ஆளுக்குப் பத்தாயிரம் கடன்பட்டிருந்தால் மொத்தம் ஒரு லட்சம். தராசைவிட, வாடகை முன்பணத்தைவிடப் பெரிய செலவு இதுவே. இதைத் திட்டத்தில் சேர்க்காவிட்டால் நல்ல சரக்கு பழைய கடைக்குப் போகும். கடைக்காரர் வேண்டாமென்றதே நிலையத்துக்கு வரும். புனேயில் 1993-இல் தொடங்கிய கழிவு சேகரிப்போர் சங்கம், பெரும்பாலும் தலித் பெண்களைக் கொண்டது, தனக்கென ஒரு கடன் கூட்டுறவை அமைத்துக்கொண்டது. ஒரேயடியாக ஒரு லட்சம் புரட்ட முடியாதெனில் முதலில் மூன்று பேரின் கடனை நிலையம் அடைக்கலாம். அவர்கள் இப்போது நியாய விலை பெறுவதால், முன்பு கடையில் இழந்த அதே 60 ரூபாயை நாள்தோறும் நிலையத்துக்குத் திருப்பித் தர இயலும். மாதம் 1,500 ரூபாய் வீதம் ஏழாவது மாதத்தில் பத்தாயிரமும் தீர்ந்துவிடும். திரும்பி வரும் பணம் நான்காவது பெண்ணின் கடனை இரண்டாம் மாதம் முடிந்து சில நாளிலேயே அடைத்துவிடும்.